ஆயில் லைட் மினுக்குகிறதா, பேரிங் தட்டுகிறதா? எண்ணெய் ஆப்பு எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

மே மாதம், அக்னி நட்சத்திரம், மதியம் இரண்டு மணி. கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் நாலு சிலிண்டர் டீசல் லோடு வண்டி ஒன்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. "அண்ணே, சிக்னல்ல நின்னா ஆயில் லைட் மினுக்குது. ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சா அணைஞ்சிடுது. காலைல எதுவுமே இல்ல" என்றார் டிரைவர். அதற்கு முன்பு வேறொரு இடத்தில் ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி மினுக்கியிருக்கிறது.

இந்த வண்டியை வைத்தே சொல்கிறேன். பேரிங் சம்பந்தப்பட்ட கோளாறுகளில் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பது இதில் நன்றாகப் புரியும். அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அது தெளியாமல் ஸ்பானரை எடுத்தால் சுவிட்சைத்தான் மாற்றிக்கொண்டிருப்போம்.

## கிராங்கைத் தாங்குவது பம்பு அல்ல

ஆயில் பம்பு தரும் அழுத்தம்தான் கிராங்க் ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டியின் பிஸ்டன் விட்டம் 85 மில்லிமீட்டர். டர்போ டீசலில் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் 130 பார் அழுத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தலையில் விழும் பாரம் சுமார் ஏழரை டன். அது கான் ராடு வழியாகக் கீழே இறங்கி 54 மில்லிமீட்டர் விட்டமும் 26 மில்லிமீட்டர் அகலமும் உள்ள, ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கில் உட்கார வேண்டும். அந்தப் பரப்பில் அதைப் பரப்பினால் சராசரியே 500 பாருக்கு மேல் போகும். பம்பு தருவது 4 பார். 4 பாரால் 500 பாரைத் தாங்க முடியாது.

அப்படியானால் தாங்குவது யார்? ஷாஃப்டின் சுழற்சிதான். பேரிங்கின் உள்விட்டம், அதற்குள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதியான ஜர்னலை விட ஒரு துளி பெரிது. இந்த அளவு ஜர்னலுக்கு 0.03 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டிருப்பார்கள். பாரம் அழுத்துவதால் ஜர்னல் நடு மையத்தில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். அதனால் சுற்றிலும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்காது. ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, ஒரு இடத்தில் மிக மெல்லியதாகும். விறகு பிளக்க அடிக்கும் ஆப்பின் வடிவம் அது. சுழலும் ஜர்னல் தன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொண்டு அந்தக் குறுகலுக்குள் போகிறது. எண்ணெய் பாகுபோல் இருப்பதால் சட்டென்று பின்னால் திரும்பியோ பக்கவாட்டில் வழிந்தோ தப்ப முடிவதில்லை. குறுகலில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பாரத்துக்குச் சமமாகும் இடத்தில் ஜர்னல் மிதந்து நிற்கிறது. மிகக் குறுகிய இடத்தில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்று அறுபது, எழுபது மைக்ரான் இருக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது முதலில் தெரியவந்த கதையை நான் புதிதாகச் சேரும் பையன்களுக்கு எப்போதும் சொல்வேன். 1880களில் இங்கிலாந்தில் போசம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார். அதையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றியது. பிறகு ஒரு கேஜை மாட்டினார். பேரிங்கில் வைத்திருந்த சராசரிப் பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அங்கே பம்பே கிடையாது. அச்சு சுழன்றதால் மட்டுமே அந்த அழுத்தம் வந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிக் காட்டினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்புக்கு அந்தச் சமன்பாடுதான் அடிப்படை.

பம்பின் வேலை என்ன? ஆப்பிலிருந்து பக்கவாட்டில் வழிந்துபோகும் எண்ணெய்க்குப் பதில் புது எண்ணெய் கொடுப்பதும், சூட்டைக் கொண்டுபோவதும். அது பரிமாறுகிற ஆள். பாரம் சுமப்பது ஆப்பு.

ஆப்பு எவ்வளவு பலமாக இருக்கும் என்பதை இப்படி எழுதுவார்கள்:

```
S = (μ × N / P) × (R / c)²
```

μ எண்ணெயின் பாகுத்தன்மை, N சுழல் வேகம், P பேரிங் பரப்பில் விழும் பாரம், R ஜர்னலின் ஆரம், c ஆரத்தில் உள்ள இடைவெளி. S பெரிதாக இருந்தால் படலத்துக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். எண்ணெய் நீர்த்துப்போனதா, சுழற்சி போதவில்லையா, பாரம் கூடியதா, இடைவெளி பெருத்ததா என்ற நாலு கேள்விகள் போதும். கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு இந்த நாலில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். சில நேரம் இரண்டு சேர்ந்து வரும்.

## அறிகுறி: சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது

டேஷ்போர்டில் உள்ள லைட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சுவிட்ச் அரை பாருக்கும் கீழே போனால்தான் லைட்டைப் போடும். அது எரிகிறது என்றால் நிலைமை ஏற்கெனவே மோசம், இல்லையென்றால் சுவிட்சே கோளாறு. எது என்று தெரிய, சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடினால் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். தண்ணீர் சூடானாலும் எண்ணெய் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். இருபது நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு வந்து அளப்பதுதான் சரி.

எங்கள் வண்டியில் சூடான ஐடிலிங்கில் 0.5 பார் காட்டியது, 2000 ஆர்.பி.எம்மில் 2.6. மேனுவலில் கேட்டிருந்தது குறைந்தது 1 பாரும் 3 பாரும். மேனுவல் கையில் இல்லாதவர்கள் ஒவ்வொரு ஆயிரம் ஆர்.பி.எம்முக்கும் சுமார் 0.7 பார் என்ற பழைய கணக்கை வைத்துக்கொள்ளலாம். அது தோராயம்தான்.

இப்போது எண்களைப் படிக்க வேண்டும். ஐடிலிங்கிலும் வேகத்திலும் இரண்டிலுமே மிகத் தாழ்வாக இருந்தால் சந்தேகம் பம்பின் மேல், ரிலீஃப் வால்வின் மேல். வேகம் ஏற்ற ஏற்ற பிரஷர் ஏறாமல் தள்ளாடினால், அல்லது விழுந்தால், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், இல்லையென்றால் பம்பு எண்ணெயோடு காற்றையும் இழுக்கிறது. ஆயில் அளவுக்கு மேல் இருந்து கிராங்க் அதை அடித்து நுரையாக்கினாலும் இதே கதைதான். சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் விழுந்து, வேகத்தில் ஓரளவு எழுந்துகொள்கிறது என்றால் எண்ணெய் நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங் இடைவெளி பெருத்திருக்கிறது. எங்கள் வண்டி இந்த ரகம்.

கேஜ் காட்டுவது ஆப்பின் அழுத்தத்தை அல்ல என்பதை மறக்க வேண்டாம். பம்பு தள்ளும் எண்ணெய்க்குப் பாதையில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பேரிங்கின் பக்கவாட்டு வழியாக எண்ணெய் கசிவது இடைவெளியின் மூன்றாம் மடியில் ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதனால்தான் ஒரே ஒரு பேரிங் தேய்ந்தாலும் கேஜ் முள் இறங்கிவிடுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. எண்ணெயைப் பேரிங்குகளுக்குக் கொண்டுபோகும் கேலரி அடைத்திருந்தால் கேஜ் அழகாக 5 பார் காட்டும், பேரிங்குக்கு எண்ணெயே போயிருக்காது.

எண்ணெயா இடைவெளியா என்று பிரிப்பதுதான் அடுத்தது. முதலில் டிப்ஸ்டிக். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. "நீங்க ஆயில் ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். "ஒரு சொட்டுகூட ஊத்தலண்ணே. ஆயில் தின்னாம ஓடுதுன்னு சந்தோஷமா இருந்தேன்" என்றார். டீசல் வண்டியில் ஆயில் மட்டம் தானாக ஏறினால் சந்தோஷப்படக் கூடாது. உள்ளே வேறெதுவோ சேர்கிறது. குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை தூக்கியது. விரல் நுனியில் ஒரு சொட்டைத் தொட்டு இன்னொரு விரலால் ஒட்டிப் பிரித்துப் பார்த்தேன். நல்ல ஆயில் கொஞ்சம் நூலாக இழுபடும். இது தண்ணீர்போல் உடனே அறுந்தது. இன்னொரு சொட்டை வடிகட்டும் தாளில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். நடுவில் கருப்பு, அதைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம், அதற்கும் வெளியே நிறமே இல்லாத ஈர வளையம். கடைசி வளையம் டீசல்.

ட்ரெய்ன் செய்தபோது ஐந்தரை லிட்டர் இறங்கியது. ஊற்றியது ஐந்து லிட்டர். குறைந்தது அரை லிட்டர் எண்ணெயே இல்லை. 15W-40 எண்ணெய் ஒன்றின் பாகுத்தன்மை 40 டிகிரி சூட்டில் சுமார் 110 சென்டிஸ்டோக் இருக்கும், 100 டிகிரியில் பதினான்கு, பதினைந்துக்கு இறங்கிவிடும். சூடு மட்டுமே ஏழு மடங்கைத் தின்றுவிடுகிறது. டீசல் ஐந்து சதவீதம் கலந்தாலே அதற்கு மேல் ஒரு கிரேடு இறங்கும். காலையில் லைட் வராமல் மதியம் வந்ததற்கு இதுதான் காரணம். வெயிலும் டிராஃபிக்கும் சேர்ந்து சூட்டைத் தூக்கின. சிக்னலில் ஆர்.பி.எம் இறங்கியது. அதாவது μவும் Nஉம் ஒரே நேரத்தில் விழுந்தன.

ஃபில்டரை மாற்றி அதே கிரேடு புது ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தோம். ஐடிலிங்கில் 0.8, 2000இல் 3.0. ஏறியது, ஆனால் போதவில்லை. ஒரு பங்கு டீசல் செய்த வேலை. மீதிப் பங்கு இடைவெளி. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே இன்ஜினை இறக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எது காரணம், எது விளைவு என்று தெரியாமலே போய்விடும்.

கெட்டி ஆயில் ஊற்றிப் பார்க்கலாமே என்று டிரைவர் கேட்டார். எல்லோரும் கேட்பார்கள். கேஜ் ஏறும், சத்தம் அமுங்கும், அது உண்மை. ஆனால் அதிகாலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி எண்ணெய் கடைசி பேரிங்குக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். தவிர, டீசல் கலப்பது நிற்கவில்லையே. மூன்று வாரத்தில் கெட்டி ஆயிலும் நீர்த்துவிடும். விற்கப் போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. ஓட்டிப் பிழைக்கிற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.

## அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் தடதடப்பு

ஓடாமல் நிற்கும்போது ஆப்பு கிடையாது. ஜர்னல் பேரிங்கின் அடியில் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் முதல் சில சுற்றுகளில் உலோகமும் உலோகமும் உரசத்தான் செய்யும். அந்த நேரத்துக்காகத்தான் பேரிங்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான ஷெல்லின் மேல் மெத்தென்ற ஒரு மெல்லிய பூச்சு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது சமாளித்துவிடும்.

சத்தம் இரண்டு வினாடிக்குள் அடங்கிவிட்டால் முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டருக்குள் எண்ணெய் பின்னால் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. இரவு முழுக்க எண்ணெய் இன்ஜினின் அடித் தொட்டியான சம்பில் இறங்கிவிடும். காலையில் கேலரி காலி.

சத்தம் சில நிமிடம் நீடித்து, சூடாகச் சூடாகக் குறைந்தால் அது பெரும்பாலும் பேரிங் அல்ல, பிஸ்டன் ஆடுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பொருந்துவதால் அடங்குகிறது. பேரிங் தட்டல் இதற்கு நேர் எதிர். சூடானால் எண்ணெய் நீர்க்கும், சத்தம் கூடும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் தேவையில்லாமல் சம்பைக் கழற்றுவது பாதி குறையும்.

## அறிகுறி: பாரத்தில் தட்டுகிறது

இரண்டு நாள் கழித்து வண்டியை ஓட்டிப் பார்த்தேன். காலி வண்டியில் எதுவும் இல்லை. பாடி மேம்பாலத்தில் ஏறும்போது டிரைவர் வழக்கமாகச் செய்வதுபோல் நாலாவது கியரிலேயே விட்டுப் பார்த்தேன். 1200 ஆர்.பி.எம்மில், கால் முழுக்க மிதித்திருக்கும்போது, அடியிலிருந்து டக் டக் என்று வந்தது. கியரைக் குறைத்து 2000க்கு ஏற்றினேன், நின்றது.

கியரைக் குறைத்தபோது நின்றது ஏன் என்று பாருங்கள். தாழ்ந்த வேகத்தில் முழு மிதி என்றால் P உச்சம், N தாழ்வு. ஆப்புக்கு இதைவிடக் கஷ்டமான நிலை கிடையாது. நல்ல பேரிங் அதையும் தாங்கும், ஏனென்றால் எரிப்பின் உச்ச அழுத்தம் சில மில்லி செகண்டுதான். அவ்வளவு வேகமாகக் குறுகலிலிருந்து எண்ணெய் பிதுங்கி வெளியேற முடியாது. ஈரமான இரண்டு கண்ணாடிகளை ஒட்டி அழுத்திப் பாருங்கள், நடுவில் இருக்கும் தண்ணீர் உடனே போகாது. அதே விஷயம். ஆனால் இடைவெளி பெருத்து எண்ணெயும் நீர்த்துவிட்டால் அந்தச் சில மில்லி செகண்டுகூடத் தாக்குப்பிடிக்காது. ஜர்னல் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஷெல்லில் மோதும். அந்த மோதல்தான் காதில் விழுகிற டக்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக எரிபொருளை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவதை நிறுத்தியதும் தட்டல் நன்றாக அமுங்கியது. ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் தெளிவாக மாறினால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட் மேல் சந்தேகம் வையுங்கள். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் தட்டல் இன்னும் ஆழமாக, பிளாக்கின் அடிவயிற்றிலிருந்து தும் தும் என்று வரும். ஒரு சிலிண்டரை நிறுத்துவதால் அவ்வளவு எளிதில் போகாது.

ஒரு எச்சரிக்கை. பழைய டீசல்களில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திச் சிலிண்டரை நிறுத்துவோம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரும்.

அந்த மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டரை எடுத்துச் சோதித்ததில் நாசில் மூட வேண்டிய நேரத்திலும் சொட்டியது. டீசல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்தது. சொட்டிய டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்கு இறங்கியிருக்கிறது. மீதி நேரம் தப்பாக எரிந்து அதே சிலிண்டரின் பேரிங்கை அடித்திருக்கிறது.

## கழற்றிய பிறகு: ஷெல்லைப் படிப்பது

சம்பை இறக்கி நாலு பிக் எண்ட் கேப்புகளையும் கழற்றினோம். கழற்றும்போதே ஒவ்வொரு ஷெல்லுக்கும் பின்னால் எண்ணும் மேல், கீழ் என்ற குறியும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஷெல்தான் சாட்சி. கலந்துவிட்டால் சாட்சி கலைந்துவிடும்.

கான் ராடில் எரிப்பின் பாரம் மேல் ஷெல்லில் விழும். மெயின் பேரிங்கில் கீழ் ஷெல்லில் விழும். எங்கள் வண்டியில் 1, 2, 4 மூன்றிலும் மேல் ஷெல்லின் நடுவில் சாம்பல் பூச்சு பளபளவென்று மழுங்கியிருந்தது. கீழ் ஷெல்கள் புதுசுபோல. மூன்றாவதின் மேல் ஷெல்லில் பூச்சு போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செம்பு நிறம் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தச் செம்புக்கு ஓரத்தில் பூச்சு உருகி இழுபட்டதுபோல் ஒரு மெல்லிய விளிம்பு. சுழலும் திசையில் மட்டும்தான் இழுபட்டிருந்தது. எண்ணெய் இல்லாமல் போன பேரிங் என்றால் ஷெல் முழுக்கக் கருத்துச் சூட்டில் நிறம் மாறியிருக்கும். இதில் அப்படி இல்லை. எண்ணெய் வந்திருக்கிறது, ஆப்புக்குத்தான் தெம்பு இல்லை.

வேறு சில முகங்களையும் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் கான் ராடு வளைந்திருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து வண்டிகளில் இதை நிறையப் பார்த்தோம். தண்ணீருக்குள் ஓட்டி, சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து, பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் ராடு மடங்கியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு ஓட்டினால் ஓடும். ஆனால் சாய்ந்த ஷெல்லில் ஆப்பு ஒரு ஓரத்தில் மட்டுமே நிற்கும், சில மாதத்தில் தட்டும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் காபிபோல் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள்.

நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் பிளாஸ்டிகேஜ் நூலால் அளந்தோம். ஜர்னலைத் துடைத்து, நூலை அச்சுக்கு இணையாக நீளவாக்கில் வைத்து, கேப்பை டார்க் ரென்ச்சில் முழு அளவுக்கு முறுக்கிவிட்டு மறுபடி கழற்ற வேண்டும். இடையில் கிராங்க் ஒரு துளிகூடத் திரும்பக் கூடாது. மூன்றாவது 0.09 மில்லிமீட்டர் காட்டியது, மற்றவை 0.05, 0.06. மைக்ரோமீட்டரில் மூன்றாவது ஜர்னலை இரண்டு திசையில் அளந்தால் 53.96, 53.92. வட்டம் போய்விட்டது. புது ஷெல் போட்டால் மட்டும் போதும் என்ற வழி அங்கே அடைபட்டது. கிராங்கைக் கழற்றி நாலு பிக் எண்ட் ஜர்னலையும் 0.25 அண்டர்சைஸுக்குக் கிரைண்டிங் கொடுத்தோம். மெயின் ஜர்னல்கள் அளவில் இருந்ததால் புது ஷெல் மட்டும்.

## அறிகுறி: ஓவர்ஹால் முடிந்து சில நாளில் புது பேரிங் போய்விட்டது

இந்த வண்டிக்கு இது நடக்கவில்லை. ஆனால் எனக்கு நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் கட்டிய ஓர் இன்ஜின் பத்தே நாளில் தட்டலோடு திரும்பி வந்தது. ஷெல்லை எடுத்தால் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரே ஒரு பளபளப்பான இடம், அது கருகியிருந்தது. ஷெல்லைத் திருப்பினேன். முதுகில் சரியாக அதே இடத்தில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி. அதற்குப் பின்னால் ராடின் துளையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு உலோகத் துணுக்கு. அதைத் துடைக்காமல் ஷெல்லை உட்காரவைத்திருக்கிறேன். ஷெல் அந்த இடத்தில் உள்பக்கம் புடைத்தது. படலமே சில மைக்ரான் என்னும்போது அந்தப் புடைப்பு ஒரு மலை. சூடு ஷெல் வழியாக ராடுக்குப் போகவும் முடியவில்லை.

அன்றிலிருந்து ஷெல்லின் முதுகையும் அது உட்காரும் இடத்தையும் பஞ்சு பறக்காத துணியால் நானே துடைக்கிறேன். முதுகில் எண்ணெய் தடவுவதில்லை. எண்ணெய் போகும் துளை பிளாக்கின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கேப் எந்த ராடில் இருந்ததோ அதில்தான், எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான்.

கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்கில் இன்னொரு ஆபத்து உள்ளே உட்கார்ந்திருக்கும். ஜர்னலுக்குள் போகும் சாய்ந்த எண்ணெய்த் துளைகளில் கிரைண்டிங் தூள் சேறுபோல் அடைந்திருக்கும். காற்றடித்தால் போதாது. அடைப்பு பிளக்குகள் இருந்தால் கழற்றி, குழாய் பிரஷ் விட்டு டீசலில் தேய்த்து, மறுமுனையில் சுத்தமாக வரும்வரை கழுவ வேண்டும். பாலிஷும் முக்கியம். ஜர்னலின் மேடுபள்ளம் படலத்தின் தடிமனுக்கு நெருக்கமாக இருந்தால் மேட்டின் உச்சிகள் எண்ணெயைத் தாண்டிக்கொண்டு ஷெல்லைச் சுரண்டும். ஆப்பு முழுசாக இருந்தும் பேரிங் தேயும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் எங்கேயும் சிக்கக் கூடாது, அது குறைந்தபட்சம். புதுப்பேட்டையில் ஷெல் வாங்கும்போது பெட்டியில் எழுதிய அளவோடு நிற்காமல் ஷெல்லின் முதுகில் அச்சிட்ட அளவையும் பாருங்கள். பெட்டி மாறிப்போயிருப்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

## கட்டிய பிறகு

எங்கள் லோடு வண்டிக்குப் புது நாசில் போட்டு, கேலரியைக் கழுவி, ஷெல்லின் உள்முகத்திலும் ஜர்னலிலும் அசெம்பிளி எண்ணெய் தடவிக் கட்டினோம். கட்டியதும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து வினாடியாக, நடுவில் ஆறவிட்டு, கேஜில் முள் எழும்வரை சுற்றவிட்டோம். மூன்றாவது தடவையில் எழுந்தது. அதன் பிறகுதான் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட்.

குளிர்ந்த ஐடிலிங்கில் 4.2 பார். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அளந்தபோது ஐடிலிங்கில் 1.5, 2000இல் 3.9. அதே பாடி மேம்பாலம், அதே நாலாவது கியர், இந்த முறை சத்தம் இல்லை. டிரைவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். பாலம் ஏறும்போது 1500க்குக் கீழே இறங்கினால் கியரைக் குறைக்க வேண்டும். வாரம் ஒருமுறை காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிப்ஸ்டிக்கைப் பார்த்து மட்டம் ஏறியிருந்தால் அன்றே போன் செய்ய வேண்டும்.

500 கிலோமீட்டரில் வண்டி வந்தது. ஆயில் மட்டம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஃபில்டரைக் கழற்றி, டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். காந்தத்தில் ஒட்டிய கொஞ்சம் மெல்லிய சாம்பல் பொடி, புதிதாகக் கட்டிய இன்ஜின் பழகும்போது வருவது. செம்பு நிறத்தில் மினுக்குவது எதுவும் இல்லை. புது ஃபில்டர், புது ஆயில் போட்டு அனுப்பினோம். அடுத்த ஃபில்டரையும் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதியிருக்கிறேன், 5000 கிலோமீட்டரில்.